பஸ்ஸில் ஏறிய குழந்தை வகுப்பில் இல்லையா? பள்ளி வேனின் காலைக் கணக்கு எப்படி நடக்கிறது?

காலை 7 மணி தாண்டினால் மாடம்பாக்கத்தில் மஞ்சள் பஸ்களின் நேரம். அகரம்தென் பக்கமிருந்து வருபவை, ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் திரும்புபவை என எல்லாமே கேம்ப் ரோடு சிக்னலில் மாட்டிக்கொள்வதற்கு முன் தங்கள் குழந்தைகளை ஏற்றிவிடப் பார்க்கின்றன. ஒவ்வொரு பஸ்ஸிலும் உதவியாளர், அதாவது நாம் 'ஆயா' என்று கூப்பிடும் அக்கா, கையில் ஒரு பட்டியலோடு நிற்பார். அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது, அது எப்போது பொய் சொல்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்த ஏரியாவுக்கும் பள்ளிப் பேருந்து விதிகளுக்கும் ஒரு கசப்பான தொடர்பு உண்டு. 2012 ஜூலை 25 அன்று, மாடம்பாக்கத்தை ஒட்டிய சேலையூரில் உள்ள ஒரு தனியார் பள்ளியின் பஸ், மாணவர்களை வீட்டில் விடக் கிளம்பியது. முடிச்சூர் அருகே, பஸ் தரையில் இருந்த ஓட்டை வழியாக 2-ஆம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன்பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று 2012 சிறப்பு விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. வண்டியின் தகுதி, உதவியாளர், பெற்றோர் இடம்பெறும் போக்குவரத்துக் குழு எல்லாம் அதில் உண்டு. வண்டியின் ஓட்டை கண்ணுக்குத் தெரியும். கணக்கில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

40 சீட் என்றால் 40 பேர்தானா?

மாநகரப் பேருந்தில் ஒரே சீட்டில் சேலையூரில் ஒருவர், மேடவாக்கத்தில் இன்னொருவர் உட்காரலாம். பள்ளி பஸ்ஸில் அது நடக்காது. காலையில் ஏறுபவர் யாரும் நடுவில் இறங்குவதில்லை. கூட்டம் ஏறிக்கொண்டே போய், கடைசி ஸ்டாப்பில் உச்சத்தைத் தொடும். அதனால் கணக்கு எளிமையானது: எத்தனை சீட்டோ அத்தனை பேர்தான் பதிவு.

ஆனால் தினமும் மூன்று, நான்கு பேர் லீவு போடுவார்கள் என்று நம்பி, 40 சீட் பஸ்ஸுக்கு 44 பேரைச் சேர்க்கும் ஆசை வரும். சாதாரண நாளில் அது தாங்கும். பரீட்சை நாளில் தாங்காது, அன்றைக்கு 44 பேரும் வருவார்கள். மழை நாளில், தினமும் அப்பாவின் பைக்கில் போகும் பிள்ளைகளும் "இன்னிக்கு மட்டும் பஸ்ல வரட்டுமா?" என்று நிற்பார்கள். கடைசி ஸ்டாப்பில் ஏறும் குழந்தை படிக்கட்டுப் பக்கம் நின்றபடி பயணம் செய்வது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கடைசி இரண்டு ஸ்டாப் பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு பரீட்சை நாளில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சீட் ஒதுக்கும்போது எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளை ஆயாவின் பார்வையில் முன்வரிசையிலும், பெரிய வகுப்புகளைப் பின்னாலும் வைப்பது வழக்கம். இதில் கட்டுப்பாட்டைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. யாருடைய சீட் காலி என்று தலையை எண்ணாமலே தெரியும்.

ஸ்டாப் விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று: காலையில் வீட்டுப் பக்கம் நிற்கும் பஸ், மாலையில் திரும்பி வரும்போது சாலையின் எதிர்ப்பக்கம் நிற்கும். அகரம்தென் சாலையை ஒரு 6 வயதுக் குழந்தை தனியாகக் கடக்க முடியுமா என்ன? அதனால் காலை ஸ்டாப், மாலை ஸ்டாப் இரண்டையும் தனித்தனியாக எழுதி, மாலையில் யார் வந்து கூட்டிப் போவார்கள் என்பதையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.

'வரலை' என்றால் என்ன அர்த்தம்?

ஒரு உதாரணக் கணக்கு. நம் பஸ்ஸில் பதிவு 38 பேர். முந்தின நாள் இரவே "அக்கா, நாளைக்கு பாப்பா வரமாட்டா, காய்ச்சல்" என்று மூன்று வீட்டிலிருந்து மெசேஜ். ஆக, இன்று எதிர்பார்ப்பது 35. ஏறியது 33. இரண்டு பேர் குறைகிறார்கள்.

ஆயா பட்டியலில் இருவருக்கும் 'ஆப்சென்ட்' என்று போட்டால் கதை முடிந்துவிடும். அங்கேதான் தப்பு. பஸ்ஸில் ஆப்சென்ட் என்பது பள்ளியில் ஆப்சென்ட் ஆகாது. முதல் பீரியட் அட்டெண்டன்ஸோடு ஒப்பிட்டால் படம் மாறுகிறது. ஒருவன் 3-ஆம் வகுப்புப் பையன், வகுப்பில் இருக்கிறான். பஸ்ஸை விட்டுவிட்டதால் அப்பா பைக்கில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். இன்னொருத்தி 8-ஆம் வகுப்பு. பஸ்ஸிலும் இல்லை, வகுப்பிலும் இல்லை, லீவு மெசேஜும் இல்லை. வீட்டில் 'ஸ்கூலுக்குப் போயிட்டா' என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். இந்த ஒரு போன் காலைத் தள்ளிப்போடக் கூடாது.

இதைவிட ஆபத்தானது தலைகீழ் நிலை: பஸ் பட்டியலில் டிக், வகுப்பில் ஆப்சென்ட். அப்போது வீட்டுக்குப் போன் செய்வதற்கு முன்பே ஒருவர் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். 2022 செப்டம்பர் 11 அன்று கத்தாரின் அல் வக்ராவில், கேரளக் குடும்பத்தின் சிறுமி ஒருத்தி, தன் 4-ஆவது பிறந்தநாளில் பள்ளி பஸ்ஸில் தூங்கிவிட்டாள். கவனிக்காமல் பஸ்ஸைப் பூட்டிவிட்டுப் போனார்கள். வெயிலில் நின்ற வண்டிக்குள் அவள் இறந்துபோனாள். அந்த மழலையர் பள்ளியை அரசு மூடியது. ஏறியவர், இறங்கியவர், வகுப்பில் இருப்பவர் என்ற மூன்று எண்ணிக்கையையும் அன்று காலையிலேயே யாராவது ஒப்பிட்டிருந்தால், காலிச் சீட்டு வகுப்பிலேயே தெரிந்திருக்கும்.

நம் உதாரணத்தில் ஏறியது 33 என்றால், பள்ளி வாசலில் இறங்குவதும் 33 ஆக இருக்க வேண்டும். எண்ணி முடித்தபின் ஆயா கடைசி வரிசை வரை நடந்துபோய், சீட்டுக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். எண்ணியாச்சு என்பதோடும் நிறுத்திவிட முடியாது. 2022 மார்ச் 28 அன்று சென்னை ஆழ்வார்திருநகரில், வேனில் மறந்துவைத்த பொருளை எடுக்கத் திரும்பி வந்த 2-ஆம் வகுப்புச் சிறுவன், பள்ளி வளாகத்திலேயே அதே வேன் மோதி இறந்தான். இறங்கிய கணக்கு சரியாக இருந்தாலும், வண்டியைச் சுற்றிப் பார்க்காமல் நகர்த்தக் கூடாது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆப் இருக்கே, போதாதா?

ஜி.பி.எஸ். பஸ் எங்கே என்று சொல்லும், உங்கள் குழந்தை அதற்குள் இருக்கிறதா என்று சொல்லாது. கார்டைத் தட்டும் முறை, கார்டு ஏறியதைத்தான் சொல்லும். மறந்துவந்த தோழியின் கார்டு, தம்பியின் பையில் இருக்கும் அக்காவின் கார்டு என்று குழப்பம் சகஜம்.

ஆப்பில் ஆயாவே டிக் போடும் முறையிலும் ஒரு எளிய சோதனை உண்டு. முதல் ஸ்டாப்புக்கும் கடைசி ஸ்டாப்புக்கும் அரை மணி நேர இடைவெளி இருக்கும்போது, 33 டிக்கும் 7.52-க்கே பதிவாகியிருந்தால், அது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் போட்டது அல்ல. சிக்னலில் நிற்கும்போது மொத்தமாகப் போட்டது. லீவு சொன்ன குழந்தைக்கும் டிக் விழுந்திருந்தால் நேற்றைய பட்டியலையே திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். ஆயாவை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? நகரும் பஸ்ஸில் ஒரு கையில் யு.கே.ஜி. குழந்தையையும் மறுகையில் போனையும் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். ஸ்டாப் வாரியாகப் பெயரும் சீட் நம்பரும் அச்சிட்ட ஒரு தாள் பல நேரம் அவருக்கு வசதி.

அடுத்த முறை பஸ் ஃபீஸ் கட்டப் போகும்போது பள்ளியில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "என் பிள்ளை பஸ்ஸில் ஏறியதாக டிக் விழுந்து, வகுப்பில் இல்லையென்றால், எத்தனை மணிக்கு, யார் எனக்குப் போன் செய்வார்?" பெயரும் நேரமும் உடனே வந்தால், அங்கே இரண்டு பட்டியலையும் யாரோ ஒப்பிடுகிறார்கள்.