அறுந்த கணக்கும் 64 எழுத்துகளும்

இணையத்தில் விளம்பரம் செய்யும் கடைக்கு, எந்த விளம்பரத்தைத் தொட்டு வந்தவர் பொருள் வாங்கினார் என்பது தெரிய வேண்டும். விளம்பரத்தைத் தொட்டவர் வாங்கி முடிப்பதை அந்தத் தொழிலில் ‘கன்வர்ஷன்’ என்கிறார்கள். உலாவிகள் விதித்த கட்டுப்பாடுகளால் இந்தக் கணக்கில் பல விற்பனைகள் விட்டுப்போகின்றன. வாடிக்கையாளர் கடையில் தாமே எழுதிக்கொடுத்த மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு அவற்றில் சிலவற்றைத் திரும்பக் கணக்கில் சேர்ப்பதே ‘என்ஹான்ஸ்டு கன்வர்ஷன்ஸ்’ என்ற முறை. கூகுள் இதை 2021இல் அறிமுகப்படுத்தியது.

பழைய முறையில் எல்லாம் ஒரு சீட்டை நம்பியே நடந்தது. ஒருவர் விளம்பரத்தைத் தொட்டதும், கடையின் இணைய முகவரிக்குப் பின்னால் `gclid` என்ற பெயரில் நீண்ட குறியீடு ஒன்றைக் கூகுள் ஒட்டி அனுப்பும். கடையின் பக்கத்தில் உள்ள சிறு நிரல் அதை எடுத்து `_gcl_aw` என்ற குக்கியாக உலாவியில் வைத்துக்கொள்ளும். வாங்கி முடித்தபின் வரும் நன்றிப் பக்கம் அந்தக் குக்கியைப் படித்துக் கூகுளுக்குச் சொல்லும். குக்கி அதுவரை இருந்தால்தான் கணக்கு சேரும்.

ஆப்பிளின் சஃபாரி உலாவி, பின்தொடர்வதைத் தடுக்கும் ஏற்பாட்டை 2017இல் தொடங்கியது. பக்கத்து நிரல் எழுதும் குக்கிகளுக்கு 2019இல் 7 நாள் ஆயுள் விதித்தது. குறியீடு ஒட்டிய இணைப்பு வழியே வந்தவர்களுக்குச் சில சூழல்களில் அது ஒரே நாள்தான். 2023இல் வந்த ஐஓஎஸ் 17, தனிப்பட்ட உலாவலில் அந்தக் குறியீட்டையே நீக்கத் தொடங்கியது.

மரக்கட்டில் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஐபோனில் கூகுளில் தேடி, திங்கட்கிழமை அந்தக் கடையின் விளம்பரத்தைத் தொடுகிறார். விலையைப் பார்க்கிறார், வீட்டில் பேசுகிறார், ஒன்பதாம் நாள் கடையின் பக்கத்துக்கு நேராகப் போய் வாங்குகிறார். குக்கி அதற்குள் போய்விட்டது. விற்பனை நடந்தது கடைக்குத் தெரியும். அது விளம்பரத்தால் வந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஒரு மாதத்தில் விளம்பரத்துக்கு 30,000 ரூபாய் செலவாகி, அதனால் 20 கட்டில்கள் விற்றன என்று கொள்வோம். ஒரு விற்பனைக்கு 1,500 ரூபாய். ஆறு விற்பனைகள் கணக்கில் வராவிட்டால் திரையில் தெரிவது ஏறத்தாழ 2,143 ரூபாய். விளம்பரம் கட்டுப்படியாகவில்லை என்று கடைக்காரர் நினைப்பார். அதைவிடப் பெரிய நட்டம், விளம்பரத்துக்கு ஏலம் கேட்கும் தானியங்கி முறையும் இந்தப் பொய்க் கணக்கையே நம்பி ஐபோன்காரர்களுக்குக் காட்டுவதைக் குறைத்துவிடுவது.

ஆனால் இந்தக் கதையில் ஒரு பாதி அழியவே இல்லை. அவர் தேடியபோது தம் கூகுள் கணக்கில் நுழைந்திருந்தால், இன்னார் இந்த விளம்பரத்தைத் தொட்டார் என்பது கூகுளிடம் பதிவாகியிருக்கும். உலாவி அறுத்தது, அந்தப் பதிவுக்கும் கடைக்கும் நடுவே ஓடிய இழையை மட்டுமே. பணம் கட்டும்போது அவர் எழுதிய மின்னஞ்சலை நிரல் எடுத்து, ஹாஷ் ஆக்கி, விற்பனைத் தகவலோடு கூகுளுக்கு அனுப்புகிறது. கூகுள் தன் பயனர்களின் முகவரிகளையும் அதே முறையில் ஹாஷ் ஆக்கி ஒப்பிடுகிறது. ஒன்று பொருந்தி, அந்தக் கணக்குக்காரர் குறித்த காலத்துக்குள் விளம்பரத்தைத் தொட்டிருந்தால், விற்பனை அந்த விளம்பரத்தின் கணக்கில் சேர்கிறது. அவர் வாங்கியது மடிக்கணினியில் என்றாலும் இது பொருந்தும்.

இங்கே பயன்படும் ஹாஷ் முறை எஸ்எச்ஏ-256. எவ்வளவு நீளமான சொல்லைக் கொடுத்தாலும் அது 64 எழுத்துகளாக வெளிவரும். மாதிரிக்காகப் பலரும் பயன்படுத்தும் test@example.com என்ற முகவரி இப்படி மாறும்:

```
973dfe463ec85785f5f95af5ba3906eedb2d931c24e69824a89ea65dba4e813b
```

இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு முகவரியை எடுக்க வழியில்லை. அதே முகவரியை உலகில் எங்கே கொடுத்தாலும் இதே 64 எழுத்துகள்தான் வரும். இந்த முறைக்கு உயிர் இந்த இரண்டாவது குணம்தான். வேலை கெடும் இடங்களும் அதிலிருந்தே பிறக்கின்றன.

முகவரியின் முன்னால் ஒரு இடைவெளி விழுந்தாலோ, முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தாலோ, வரும் 64 எழுத்துகள் அடியோடு வேறாகிவிடும். அதனால் ஹாஷ் ஆக்கும் முன் இடைவெளிகளை நீக்கி, எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்க வேண்டும். ஜிமெயில் முகவரியில் @ குறிக்கு முன்னுள்ள புள்ளிகளையும் எடுத்துவிட வேண்டும். தொலைபேசி எண் என்றால் +91 போன்ற நாட்டுக் குறியீட்டோடு இருக்க வேண்டும். பத்து இலக்கம் மட்டும் போதாது. முகவரியை அப்படியே கொடுத்தால் கூகுளின் நிரலே சீர்செய்து ஹாஷ் ஆக்கிக்கொள்ளும். கடை தானே ஹாஷ் ஆக்கினால் இந்தப் பொறுப்பும் கடையுடையது; அப்போது `email` என்ற பெயரில் அனுப்பாமல் `sha256_email_address` என்ற பெயரில் அனுப்ப வேண்டும்.

அடிக்கடி நேரும் பிழை வேறொன்று. மின்னஞ்சலை எழுதும் படிவம் ஒரு பக்கத்திலும், கன்வர்ஷன் நிரல் அடுத்து வரும் நன்றிப் பக்கத்திலும் இருக்கும். நன்றிப் பக்கத்தில் முகவரி இல்லாததால் நிரலுக்கு எடுக்க ஒன்றுமில்லை. வெறுமையையே ஹாஷ் ஆக்கி அனுப்பும் கடைகளும் உண்டு. வெறுமைக்கும் ஒரு ஹாஷ் இருக்கிறது. அது e3b0c44298fc என்று தொடங்கும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் இதே எழுத்துகள் போனால் படிவம் காலியாக வாசிக்கப்படுகிறது என்று பொருள். சோதிக்க ஒரு போலி ஆர்டர் போட்டு, உலாவியின் டெவலப்பர் கருவியில் கூகுளுக்குப் போகும் கோரிக்கையைத் திறந்து `em` என்ற பகுதியைப் பார்க்கலாம். அங்கே `tv.1~em.` என்பதற்குப் பின் நீண்ட எழுத்துத்தொடர் இருந்தால் தகவல் போகிறது. அது சரியாகச் சீர்செய்யப்பட்டதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

எல்லாம் சரியாக இருந்தாலும் விட்டுப்போன ஆறும் திரும்பாது. வாங்குபவர் கடையில் அலுவலக முகவரியைக் கொடுத்துவிட்டு, கூகுளில் வேறு முகவரி வைத்திருக்கலாம். கூகுள் கணக்கில் நுழையாமலே தேடியிருக்கலாம். அந்த ஆறில் இரண்டு மீண்டால், விற்பனைக்கு 1,875 ரூபாய் என்று திரை காட்டும். விற்பனை கூடவில்லை, கணக்குதான் உண்மைக்குச் சற்று நெருங்கியது. இதை விளம்பரத்தின் வளர்ச்சியாகக் காட்டும் அறிக்கைகளை நம்பக் கூடாது.

ஹாஷ் ஆக்கியதால் ஆள் யாரென்று தெரியாமல் போய்விடும் என்ற பேச்சும் தவறு. ஆளைக் கண்டுபிடிக்க முடிவதால்தான் இந்த முறையே நடக்கிறது. தொலைபேசி எண்ணின் நிலை இன்னும் மோசம். இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில் தொடங்குவதால், இருக்கக்கூடியவை மொத்தம் 400 கோடி. நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கணினி அத்தனைக்கும் ஹாஷ் போட்டுப் பார்க்கச் சில நொடிகள் போதும். ஹாஷ் ஆக்கினால் தகவல் அடையாளமற்றதாகிவிடாது என்று அமெரிக்க ஃபெடரல் டிரேடு கமிஷன் 2024 ஜூலையில் வெளியிட்ட குறிப்பு வெளிப்படையாகவே சொன்னது. ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படியும் அது தனிநபர் தகவல்தான்.

ஆகவே உலாவி அறுத்த இழையை மீண்டும் முடிவதற்கு, அந்த உலாவியை வைத்திருப்பவரைக் கேட்டாக வேண்டும். கூகுளின் ஒப்புதல் ஏற்பாட்டில் இதற்கென்று `ad_user_data` என்ற தனிக் குறி உள்ளது. ஐரோப்பியப் பயனர்களுக்கு 2024 மார்ச் முதல் அது தேவையாகிவிட்டது. கட்டில் வாங்கியவர் ‘வேண்டாம்’ என்று அழுத்தினால் அந்தக் குறி `denied` என்று மாறும். அவருடைய மின்னஞ்சல் ரசீது அனுப்ப மட்டும் கடையில் இருக்கும், கூகுளுக்குப் போகாது.