புடவைப் படத்துக்கு என்ன எழுதுவது?

இணையத்தில் பட்டுப்புடவை விற்பவருக்குப் படம்தான் கடை. பார்வையில்லாத ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால், போனில் டாக்பேக்கோ கணினியில் என்விடிஏவோ அதை வாசித்துச் சொல்லும். படம் வரும் இடத்தில் அது வாசிப்பது, படத்தோடு கடைக்காரர் எழுதிவைத்த வாசகத்தை. ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ என்பார்கள். அப்படி ஒன்று எழுதாவிட்டால் பல நேரம் கோப்பின் பெயரையே எண்ணும் எழுத்துமாக ஒப்பிக்கும்.

கூகுளும் இந்த வாசகத்தைப் படிக்கிறது என்று தெரிந்ததும் வந்தது வினை. பல கடைகளில் இப்படித்தான் இருக்கிறது:

```html
alt="பட்டுப்புடவை காஞ்சிபுரம் பட்டு கல்யாணப் புடவை விலை குறைவு புடவை ஆன்லைன்"
```

பக்கத்தில் நாற்பது புடவை இருந்தால் இதையே நாற்பது தடவை கேட்க வேண்டும். புடவை நீலமா சிவப்பா என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. (பார்வையில்லாதவருக்கு நிறம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மகள் கல்யாணத்துக்கு எடுக்கும் புடவையின் நிறம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா?) தேடலிலும் லாபமில்லை. இப்படிச் சொற்களை அடைத்தால் தளம் ஸ்பேமாகக் கருதப்படலாம் என்று கூகுளின் வழிகாட்டியே எச்சரிக்கிறது.

அதே படத்துக்கு இப்படி எழுதலாம்:

```html
alt="மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரம் பட்டுப்புடவை, அரக்குக் கரையில் அன்னப்பட்சி ஜரிகை"
```

தேடுகிறவர் தட்டும் ‘காஞ்சிபுரம் பட்டுப்புடவை’ இதிலும் ஒருமுறை இருக்கிறது, அது போதும். மயில்கழுத்து நிறம்தான் வேண்டும் என்று தேடி வருபவருக்கும் இங்கே பிடி கிடைக்கிறது. ‘படம்’ என்று தொடங்க வேண்டாம், அதை வாசிக்கும் செயலியே சொல்லிவிடும். அடுத்த படம் முந்தியின் நெருக்கக் காட்சி என்றால், முந்தியில் என்ன வேலைப்பாடு என்பதை மட்டும் எழுதலாம். புடவையின் முழு வர்ணனையையும் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

எல்லாப் படத்துக்கும் வர்ணனை தேவையில்லை. ஓரத்தில் அழகுக்குப் போட்ட கோலத்துக்கு `alt=""` என்று காலியாக விட்டால், வாசிக்கும் செயலி அதைத் தாண்டிப் போய்விடும். `alt` என்பதையே எழுதாமல் விடுவது வேறு. அப்போதுதான் கோப்புப் பெயர் காதில் விழும். தேடல் பொத்தானாக இருக்கும் பூதக்கண்ணாடிக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. அதை அழுத்தினால் என்ன நடக்குமோ அதை எழுத வேண்டும்: ‘தேடு’. ஆடித் தள்ளுபடி போஸ்டரைப் படமாகப் போட்டால், எத்தனை சதவீதம், எந்தத் தேதிவரை என்பதெல்லாம் வாசகத்தில் வந்தாக வேண்டும்.

தமிழில் எழுதுபவர்கள் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. பக்கம் ஆங்கிலத்திலும் பட வாசகம் தமிழிலும் இருந்தால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் குளறலாம், மொத்தமாக விழுங்கியும் விடலாம். அந்தப் படத்தின் `img` குறிக்குள் `lang="ta"` சேர்த்தால், தமிழ்க் குரல் நிறுவியிருக்கும் கருவி அந்த இடத்தில் தமிழுக்கு மாற வழி கிடைக்கும்.