படத்திலிருந்து எடுத்தவை இவைதான்

2012-இல் நேஷனல் ஜியாகிரஃபிக் புகைப்படப் போட்டியில் 'இடங்கள்' பிரிவுக்கு ஹாரி ஃபிஷ் என்பவரின் படம் தேர்வானது. காசியில், கங்கைக் கரையில் எடுத்த படம். அதன் ஓரத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையை அவர் கணினியில் அழித்திருந்தார். அசல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்ததும் பரிசு போய்விட்டது. பையை அப்படியே விட்டிருந்தாலோ, அந்த ஓரத்தை வெட்டியிருந்தாலோ எந்தச் சிக்கலும் இருந்திருக்காது.

காட்டுயிர்ப் போட்டிகளில் இந்தக் கெடுபிடி இன்னும் அதிகம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரம் வெட்டலாம், சென்சாரில் படிந்த தூசியை நீக்கலாம். விலங்கையோ செடியையோ மனிதரையோ சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது. இறுதிச் சுற்றுக்கு வருபவர்கள் கேமரா பதிவு செய்த அசல் கோப்பை அனுப்பியாக வேண்டும்.

படத்தை அனுப்பிவிட்டுப் பிறகு மனம் உறுத்துபவர்கள், "சின்னச் சின்னதாகச் சுத்தம் செய்திருக்கிறேன்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போடுவதுண்டு. அதை வைத்துக்கொண்டு அமைப்பாளர் எந்த முடிவும் எடுக்க முடியாது. கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும். ஒரு மீன்கொத்திப் படம் என்று வைத்துக்கொள்வோம்:

"வணக்கம். பறவைகள் பிரிவில் நான் அனுப்பிய மீன்கொத்திப் படத்தின் அசல் கோப்பு DSC_4127.NEF. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன். வலது மேல் மூலையில், வானத்தில் தெரிந்த இரண்டு மங்கலான புள்ளிகளை நீக்கினேன். அவை சென்சார் தூசி; முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணைத்துள்ளேன். கீழ் ஓரத்திலிருந்து உள்ளே நீண்ட ஒரு நாணல் தண்டை முழுவதும் அழித்தேன். கிளைக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த இன்னொரு பறவையின் இறக்கை நுனியையும் அழித்தேன். எதையும் சேர்க்கவில்லை, நகர்த்தவில்லை. படமெடுக்கும் முன் எதிரே இருந்த நாணல்களைக் கையால் வளைத்து ஒதுக்கினேன், பிடுங்கவில்லை. எதையும் நீக்காத படத்தையும் அனுப்புகிறேன். அதை ஏற்க விதியில் இடமில்லையென்றால் என் படத்தை விலக்கிக்கொள்கிறேன்."

இதில் தூசிக்கு மட்டும் ஏன் சலுகை? அது காட்டில் இருந்ததல்ல, கேமராவுக்குள் இருந்தது. சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அதன் நிழலைப் படத்தில் விழச் செய்கிறது. அதனால்தான் அடுத்தடுத்த படங்களில் அதே இடத்தில் நிற்கும். தொலைவில் பறக்கும் பறவையென்றால் இடம் மாறியிருக்கும். லென்ஸின் துளையைச் சுருக்கி f/16-இல் எடுத்தால் புள்ளி திட்டமாகத் தெரியும். f/4-இல் கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஆகவே f/4-இல் எடுத்த படத்தில் கறுப்பாக, கூர்மையாக இருந்த ஒன்றைத் தூசி என்று ஒருவர் சொன்னால் நடுவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

நாணல் தண்டு விதிப்படி குற்றம்தான். ஆனால் என் கணக்கில் இறக்கை நுனி அதைவிடப் பெரியது. அது ஜோடிப் பறவையா, இடத்துக்குச் சண்டை போட வந்த போட்டியாளரா என்பது அந்த நொடியில் மீன்கொத்தி என்ன செய்துகொண்டிருந்தது என்பதையே மாற்றிவிடும். அதை அழித்ததும் பறவை தனியாக இருந்தது என்று படம் சொல்லத் தொடங்குகிறது.

கடிதம் வந்ததும் அமைப்பாளர் ரா கோப்பையும் போட்டிப் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, வேறுபடும் இடங்களைப் பார்க்கலாம். எந்தப் பக்கம் வெட்டியது என்று எழுதுவது அதற்காகத்தான்; தெரியாவிட்டால் இரண்டும் பொருந்தி உட்காராது. வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றியது படம் முழுக்க மெல்லிய வேறுபாடாகத் தெரியும், அழித்த இடமோ தனித் திட்டாக எழும்பி நிற்கும். கடிதத்தில் சொன்ன திட்டுகளைத் தவிர இன்னொன்று இருந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் நாணலுக்கும் இறக்கைக்கும் மன்னிப்புக் கிடைத்துவிடாது. மாற்றுப் படத்தை ஏற்பதா என்பது அந்தந்தப் போட்டியின் விதியைப் பொறுத்தது. ரா கோப்பைக் கேட்ட பிறகு எழுதினால் அந்த வாய்ப்பும் குறைவு.

ரா கோப்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஷட்டரை அழுத்தும் முன் நடந்ததை அது சொல்லாது. 2017-இல் லண்டன் போட்டியில் ஒரு பிரிவில் பரிசு வாங்கிய, பிரேசிலில் எடுத்த எறும்புதின்னிப் படம் 2018-இல் நீக்கப்பட்டது. அதிலிருந்தது பதப்படுத்தி வைத்த உடல் என்று வல்லுநர்கள் சொன்னார்கள், படமெடுத்தவர் மறுத்தார். பரிசுப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த கோப்புகளை அவர் கொடுத்தார், அவை எதிலும் அந்த விலங்கு இல்லை. கடைசியில் வல்லுநர்கள் ஒரு பூங்காவில் காட்சிக்கு வைத்திருந்த உடலோடு ரோமத்தின் வரிகளையும் கொத்துகளையும் ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வந்தார்கள். மீன்கொத்திக் கடிதத்தில் நாணலை வளைத்தது பற்றிய வரி இருப்பதும் இதனால்தான். அதை எந்தக் கோப்பைத் திறந்தாலும் அமைப்பாளர் கண்டுபிடிக்க முடியாது. எடுத்தவர் எழுதினால்தான் தெரியும்.