திரையில் 120

ஊசி மருந்து நிரப்பும் அறைக்குள் போகிறவர் தலை முதல் கால் வரை மூடிக்கொள்வது தன்னைக் காத்துக்கொள்ள அல்ல. தன்னிடமிருந்து மருந்தைக் காக்க. தோல் செதில், முடி, துணி நூல் என்று உடம்பு ஓயாமல் துகள்களை உதிர்க்கிறது. கிருமிகள் பெரும்பாலும் அவற்றின் மேல் ஏறித்தான் பயணம் செய்கின்றன. அதனால் கவுனிங்குக்கு ஒரு எஸ்.ஓ.பி., காற்றிலுள்ள துகளை எண்ணுவதற்கு ஒரு எஸ்.ஓ.பி. என்று எழுதி வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருக்கும் இந்த இரண்டையும் தமிழாக்கச் சொன்னால், கலைச்சொல் தேடுவதுதான் பெரிய வேலை என்று தோன்றும். ஆனால் ஹூட், கவரால், மாஸ்க் எல்லாம் ஆபரேட்டர்கள் தினமும் சொல்லும் சொற்கள்தான். அவற்றை அப்படியே விட்டுவிடலாம். 'தலைக்கவசம்' என்று எழுதினால் பைக்கில் போகிறவர்தான் நினைவுக்கு வருவார்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கவராலின் வெளிப்பக்கத்தைக் கை தொடக்கூடாது என்று எஸ்.ஓ.பி. சொல்லும். அதை வரிக்கு வரி தமிழாக்கினால் 'வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள்' என்று வரும். பல ஆலைகளில் கவராலை உட்பக்கம் வெளியே தெரியும்படி மடித்துப் பையில் போட்டுத் தருகிறார்கள். பையைத் திறந்தவர் கண்ணுக்கு வெளியே தெரிவது உட்பக்கம். அவர் பிடிக்க வேண்டியதும் அதைத்தான். வாக்கியத்தை நம்பினால் சரியான இடத்தை விட்டுவிட்டுத் தவறான இடத்தைப் பிடிப்பார். 'போட்ட பிறகு வெளியே தெரியும் பக்கத்தில் கை படக்கூடாது' என்று எழுதினால் குழப்பம் போய்விடும்.

வரிசையும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 'கவராலை அணிக' என்ற கட்டளை முன்னால் வரும். 'தரையில் படாமல்' என்ற எச்சரிக்கை வாக்கியத்தின் வாலில் தொங்கும். வாலைப் படிப்பதற்குள் கை தரையில் உரசியிருக்கும். 'இரண்டு கைப்பகுதியையும் கால்பகுதியையும் சுருட்டிப் பிடியுங்கள்' என்பது முதல் வரி, 'ஒரு காலை நுழையுங்கள்' என்பது அடுத்த வரி என்று எழுதுவதே நல்லது. 'போட்டுவிட்டு, சொருகிவிட்டு, இழுத்துவிட்டு' என்று ஐந்து செயலை ஒரே மூச்சில் கோக்கத் தமிழ் தாராளமாக இடம் தரும். கண்ணாடி முன் கையுறையோடு நிற்கிறவருக்கு அந்தத் தாராளம் உதவாது. ஒரு வரிக்கு ஒரு செயல் போதும்.

துகள் எண்ணும் எஸ்.ஓ.பி.யில் 'அட் ரெஸ்ட்' என்றொரு நிலை வரும். அதை 'ஓய்வு நிலை' என்று எழுதினால் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும் என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் நிரப்பும் மெஷின் நின்றிருக்க வேண்டும், அறையில் ஆள் இருக்கக்கூடாது, ஆனால் காற்றை வடிகட்டி அனுப்பும் ஏ.ஹெச்.யு. ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த மூன்றையும் விரித்து எழுதுவதைத் தவிர வழியில்லை. வாக்கியம் நீளும், நீளட்டும்.

இனி எண். மருந்து திறந்திருக்கும் இடம் கிரேடு ஏ. ஐரோப்பிய ஜி.எம்.பி. விதிகளின் அனெக்ஸ் 1 படி, அங்கே ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரான் அளவிலும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3520-ஐத் தாண்டக்கூடாது. வழக்கமான துகள் எண்ணி நிமிடத்துக்கு 28.3 லிட்டர், அதாவது ஒரு கன அடி, காற்றை உறிஞ்சும். ஒரு கன மீட்டரை உறிஞ்ச அதற்கு ஏறக்குறைய 35 நிமிடம் ஆகும். ஒரு நிமிடம் ஓட்டிய பிறகு திரையில் 120 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள தாளில் 3520. 'ரொம்பக் கம்மி' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் 120-ஐ 35.3-ஆல் பெருக்கினால் 4236 வருகிறது, வரம்பு தாண்டிவிட்டது. ஆங்கில மூலத்தில் இந்த அலகு அட்டவணையின் தலைப்பில் ஒரே ஒரு முறை இருக்கும். தமிழில் அதை எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். திரை கன அடியில் காட்டுகிறதா, கன மீட்டரிலா என்று பார்ப்பதைத் தனி வரியாகவே சேர்த்துவிடலாம். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று க்யூ.ஏ. கேட்பார்கள். அப்படியானால் மூலத்தையும் திருத்தச் சொல்வதுதான் முறை.

5 மைக்ரான் துகளில் இந்தக் கணக்கு இன்னும் முரண்டு பிடிக்கும். வரம்பு கன மீட்டருக்கு 29. ஒரு நிமிடத்தில் ஒரே ஒரு துகள் பதிவானாலே, பெருக்கும்போது 35 ஆகிவிடும். மின்னணு இரைச்சலாலோ சிதறிய ஒளியாலோ எப்போதாவது இப்படிப் பொய் எண்ணிக்கை வரலாம் என்பதை அனெக்ஸ் 1 ஏற்கிறது. ஆனால் அடுத்தடுத்து வந்தாலோ அடிக்கடி வந்தாலோ விசாரிக்க வேண்டும். எனவே 'எப்போதாவது', 'அடுத்தடுத்து', 'அடிக்கடி' ஆகிய மூன்றும் மூலத்தில் எங்கே நிற்கின்றனவோ தமிழிலும் அங்கேயே நிற்க வேண்டும். சுருக்குகிறேன் என்று ஒன்றை விட்டால், ஒரு துகளுக்கே லைனை நிறுத்துவார்கள், அல்லது எத்தனை வந்தாலும் ஓட்டுவார்கள்.

தமிழ்த் தாளுக்கும் ஆவண எண், பதிப்பு எண், எந்த ஆங்கிலப் பதிப்பின் தமிழாக்கம் என்ற குறிப்பு எல்லாம் வேண்டும். அனெக்ஸ் 1-இன் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த 5 மைக்ரான் வரம்பு 20. 2022-இல் வெளியாகி 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பதிப்பில்தான் அது 29 ஆனது. ஆங்கிலத் தாளை மாற்றுகிற அன்றே உடை மாற்றும் அறைச் சுவரிலிருக்கும் தமிழ்த் தாளையும் எடுத்துவிட வேண்டும்.