அந்தப் பத்து மணி நேரத்தை விளம்பரத்தில் காட்டுங்கள்

போடிநாயக்கனூரில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவரின் பயம் மதுரைக்காரரின் பயத்திலிருந்து வேறுபட்டது. மதுரைக்காரர் நெரிசலுக்குப் பயப்படுவார். போடிக்காரருக்கு மேற்கே திரும்பினாலே மலை நிற்கிறது. முந்தலைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்குப் போகிறது. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள். போடியில் பல குடும்பங்களுக்குத் தோட்டமோ, தோட்டத்தில் வேலையோ, காய் வியாபாரமோ அந்தப் பக்கம்தான். லைசென்ஸ் வாங்குகிறவர் என்றைக்காவது ஒருநாள் அந்தச் சாலையில் வண்டியை ஏற்றித்தான் ஆக வேண்டும். ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டி பின்னால் போய்விடுமோ என்ற ஒரே கேள்வியால், பாதி வகுப்போடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு.

இப்படிப்பட்டவர்களைத் தங்களிடம் வரவழைக்க டிரைவிங் ஸ்கூல்கள் செய்யும் விளம்பரங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக இருந்தாலும், ஃபேஸ்புக் பதிவாக இருந்தாலும், கடைச்சுவரில் ஒட்டிய நோட்டீஸாக இருந்தாலும் ஒரே வாசகம்தான்: பதினைந்தே நாளில் டிரைவிங், லைசென்ஸ் நூறு சதவீத உத்தரவாதம், இந்த மாதம் சேர்ந்தால் தள்ளுபடி. கூடவே லைசென்ஸைக் கையில் பிடித்துச் சிரிக்கும் ஒருவரின் படம். பயந்தவருக்கு இதில் ஒரு வரியும் உதவாது. அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, பக்கத்தில் உட்காரப்போகிறவர் யார், ஸ்டியரிங் எவ்வளவு நேரம் தன் கையில் இருக்கும், தேர்வில் என்ன கேட்பார்கள் என்பதைத்தான். இந்த மூன்றையும் பள்ளிகள் உண்மையாக எழுதிப் போட்டாலே போதும். பள்ளியின் நடைமுறை சரியாக இருந்தால் ஒழிய அப்படி எழுதவும் முடியாது.

நேரக்கணக்கிலிருந்து தொடங்குவோம், ஏமாற்றம் அதில்தான் அதிகம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஓர் அளவு வைத்திருக்கின்றன. சொந்தக் கார் போன்ற வாடகைக்கு ஓடாத வாகனம் என்றால் பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது; அதில் மாணவர் உண்மையாகவே வண்டி ஓட்டிய நேரம் பத்து மணிக்குக் குறையக் கூடாது. பத்து மணி நேரம் என்பது 600 நிமிடம். அதை 21 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஸ்டியரிங் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

நடப்பதைப் பாருங்கள். காலையில் வண்டி கிளம்புகிறது. மாஸ்டர் முன்னால் இடப்பக்கம் இருக்கிறார், ஒருவர் ஓட்டுகிறார், பின்சீட்டில் மூன்று பேர். ஒரு மணி நேர வகுப்பை நால்வரும் பங்கு போட்டால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம். வகுப்பு பதினைந்து நாள் என்றால் மொத்தம் 225 நிமிடம், அதாவது மூன்றே முக்கால் மணி நேரம். பாடம் முடிந்ததென்று சொல்லும் நாளில் அந்த மாணவர், சட்டம் சொல்லும் அளவில் பாதியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்ததும் பயிற்சிதான் என்பார்கள். பார்த்துத் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு. ஆனால் கால் பழகாது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது பாதம் தானாக உணர வேண்டிய விஷயம். எனக்கு வராது போலிருக்கிறது என்று விலகும் பலருக்கு உண்மையில் வராமல் போனது ஆறேகால் மணி நேரப் பயிற்சிதான்.

பிரிட்டனில் தேர்வில் தேறுகிறவர்கள் சராசரியாக 45 மணி நேரப் பயிற்சியும், அதற்கு மேல் வீட்டாரோடு சுமார் 22 மணி நேர ஓட்டமும் முடித்திருப்பார்கள் என்று அந்நாட்டு அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. அங்கும் தேர்வுக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஒவ்வொரு முறையும் தேறுகிறார்கள். நம் நாட்டிலேயே 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதி, இலகுரக வாகனத்துக்கு 29 மணி நேரப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. அதில் 21 மணி நேரம் செய்முறை. இவற்றோடு வைத்துப் பார்த்தால் பத்து மணி நேரம் என்பது குறைந்தபட்சம் மட்டுமே.

இதை எழுதிக் காட்ட வழியும் விதியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் மாணவர்வாரியாக ஓட்டிய நேரத்தைப் பதிய ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். படிவம் 15 என்று அதற்குப் பெயர். எந்தத் தேதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட்டினார் என்று அன்றன்றைக்கு எழுத வேண்டிய பதிவேடு அது. பல இடங்களில் கடைசி நாளில் ஒரே மூச்சில் நிரப்பப்படுகிறது. ஒரே பேனா மை, ஒரே அழுத்தத்தில் எழுத்து, மழை கொட்டிய நாளிலும் தவறாத அரை மணி நேரம் என்று இருந்தால் புரிந்துகொள்ளலாம். போடியில் ஒரு பள்ளி, மாணவரின் பெயரையும் முகத்தையும் மறைத்து, அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போடட்டும். தள்ளுபடி விளம்பரம் கொண்டுவராத ஆட்களை அது கொண்டுவரும்.

அடுத்து மாஸ்டர். பயிற்றுநருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்து ஆண்டு ஓட்டுநர் அனுபவம், மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றிதழ் ஆகியவை வேண்டும் என்கிறது விதி. மாஸ்டரைப் பற்றி எழுதும்போது இவற்றைச் சொல்லட்டும். பயந்தவருக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும்: அவர் எப்போது காலை வைப்பார், எப்போது எடுப்பார். பயிற்சி வண்டியில் டபுள் கண்ட்ரோல் கட்டாயம். மாஸ்டரின் காலடியிலும் பிரேக் உண்டு, பெரும்பாலும் கிளட்சும் உண்டு. தொடக்கத்தில் அதுதான் காப்பு. ஆனால் பொறுமையில்லாத மாஸ்டர் கடைசி நாள் வரைக்கும் தானே கிளட்சை மிதித்துக்கொண்டிருப்பார். வண்டி ஆஃப் ஆகாமல் ஓடும். மாணவர் தானே ஓட்டுவதாக நம்பியிருப்பார். சொந்த வண்டியில் ஏறிய முதல் நாள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அது பல முறை நின்றுவிடும். கண்டுபிடிப்பது எளிது. தன் கால் அசையாதபோது கிளட்ச் பெடல் தானாகக் கீழே இறங்கினால், மிதிப்பது மாஸ்டர்தான். நல்ல மாஸ்டர், இன்றைக்கு நான் கிளட்சைத் தொடமாட்டேன், பிரேக்கில் மட்டும் கால் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவார். இரண்டு பேரின் காலடியையும் காட்டும் அரை நிமிட வீடியோ ஒன்று, மாஸ்டரின் அருமையை எந்தப் புகழ்ச்சியையும் விட நன்றாகச் சொல்லும்.

மூன்றாவது தேர்வு. எல்.எல்.ஆர் எடுத்து முப்பது நாள் முடிந்த பிறகுதான் தேர்வுக்குப் போக முடியும்; எல்.எல்.ஆர் ஆறு மாதம் செல்லும். தேர்வு என்றதும் ஊரில் எட்டு போடுவது பற்றியும் பிரேக் இன்ஸ்பெக்டரின் மனநிலை பற்றியும்தான் பேச்சு. ஆனால் தேர்வில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விதியிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் போடிக்காரர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, துளியும் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும் என்பது ஒன்று. இறக்கத்தில் போகும்போது குறைந்த கியருக்கு விரைவாக மாற வேண்டும் என்பது மற்றொன்று. சமதள மைதானத்தில் தேர்வு நடந்தால் இந்த இரண்டையும் சோதிக்காமலே லைசென்ஸ் கைக்கு வந்துவிடலாம். போடிமெட்டுச் சாலையில் அந்தச் சோதனை கட்டாயம் வரும்.

முந்தல் பக்கத்து ஏற்றத்தில் ஒரு நல்ல வகுப்பு எப்படி நடக்கும் என்று பார்ப்போம். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் காலையில் வரிசையாக ஏறும், மாலையில் இறங்கும். அந்த இரு நேரத்தையும் தவிர்த்து, வளைவுகள் தொடங்கும் முன்பாக, பார்வை தெளிவாக இருக்கும் லேசான ஏற்றத்தில் மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறார்.

“அண்ணே, பிரேக்குல இருந்து காலை எடுத்தா பின்னாடி போயிரும்ல?”

“ஹேண்ட் பிரேக் பிடிச்சிருக்கும்மா. ரெண்டு காலையும் எடுத்துப் பாரு, வண்டி நகருதான்னு சொல்லு.”

அவர் எடுக்கிறார். வண்டி நகரவில்லை. பயத்தில் பாதி அந்த இடத்திலேயே கழன்றுவிடும். பிறகு கிளட்சை முழுதாக மிதித்து முதல் கியர். வலது கால் ஆக்சிலரேட்டரில் லேசாக. இடது காலை மெல்ல மெல்ல உயர்த்தினால் ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கம்மி, வண்டியின் மூக்கு இலேசாக மேலே எழும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கே காலை அப்படியே நிறுத்திக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி முன்னால்தான் நகரும். மூக்கு எழுவதற்கு முன்பே இறக்கினால் பின்னால் உருளும். எழுந்த பிறகும் காலை உயர்த்திக்கொண்டே போனால் இன்ஜின் ஆஃப் ஆகும். ஹாஃப் கிளட்சிலேயே நெடுநேரம் வண்டியைப் பிடித்துவைத்தால் கருகிய வாடை அடிக்கும். அது கிளட்ச் தட்டு தேய்வதன் அடையாளம். தவறு இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும், மூன்றையும் கண்ணும் காதும் மூக்கும் கண்டுபிடித்துவிடும்.

இதைத் திரும்பத் திரும்பச் செய்து, மாஸ்டர் எங்கே நிறுத்தச் சொன்னாலும் உருளாமல் கிளப்ப வந்த பிறகே வளைவுகளுக்குப் போக வேண்டும். இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போவதும், சக்கரப் பக்கமிருந்து வாடை வருவதும் எச்சரிக்கை. உடனே ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். குறுகலான மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. முதல் முறை ஓட்டுகிறவருக்கு இது தெரிந்திருந்தால், எதிரே வரும் ஜீப் ஹாரன் அடித்தாலும் பதற்றம் வராது.

இந்த வகுப்பை அப்படியே எழுதிப் போட்டால் அதுவே விளம்பரம். நூறு சதவீத லைசென்ஸ் என்று போடுவது பொய். தேர்ச்சியை முடிவு செய்கிறவர் ஆய்வாளர், பள்ளி அல்ல. மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் எழுதலாம்: ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம், மூன்று முறையும் தேறாவிட்டால்தான் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். தோல்விக்குப் பின்னும் வழி இருக்கிறது என்று தெரிந்தவர் கை நடுங்காமல் தேர்வுக்குப் போவார். மாணவர் படத்தைப் போடுவதாக இருந்தால், பெண்கள் விஷயத்தில் முக்கியமாக, கேட்டு அனுமதி வாங்கிப் போடுங்கள். ஸ்டேட்டஸில் தன் முகம் வந்துவிடுமோ என்ற கூச்சத்தாலேயே சேராமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

சேரப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டுவதற்கு முன், என் பெயரில் படிவம் 15 தினமும் எழுதுவீர்களா, ஒரு வண்டியில் எத்தனை பேர், ஏற்றத்தில் எத்தனை வகுப்பு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பள்ளி எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அங்கே சேராதீர்கள்.