கறுப்புத் திரைக்கு முன்னால் ஒரு முகம்

அரங்கேற்றங்களைப் போனில் எடுத்த வீடியோக்களில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பின்னால் கறுப்புத் திரை, நடுவில் விளக்கு வெளிச்சத்தில் ஆடும் பெண். போன் கேமரா மொத்தக் காட்சியையும் சேர்த்து அளக்கிறது. அதில் பெரும்பகுதி கறுப்பு என்பதால் வெளிச்சம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு கூட்டிவிடுகிறது. திரை சாம்பல் நிறத்துக்கு வருகிறது; முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துவிடுகிறது. அவள் முன்மேடைக்கு வந்தால் படம் மங்குகிறது, பின்னால் நகர்ந்தால் மறுபடி வெளுக்கிறது. பல வருடம் பயின்ற அபிநயம் கண்ணிலும் புருவத்திலும்தான் இருக்கிறது. அதுதான் முதலில் காணாமல் போகிறது.

கேமராவின் ஆட்டோ முறை நொடிக்கு நொடி புதிதாக முடிவெடுப்பதே இதற்குக் காரணம். ப்ரோ மோடில் அந்த முடிவுகளை நாம் ஒருமுறை எடுத்துப் பூட்டிவிடலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் கேமராவிலேயே இது இருக்கிறது. ஐபோனின் சொந்தக் கேமராவில் இல்லை. Blackmagic Camera போன்ற இலவசச் செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரம் மாறாது. அதனால் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த மிஞ்சுவது இரண்டுதான். ஷட்டர் வேகம் எவ்வளவு நேரம் வெளிச்சத்தை வாங்குவது என்பதைச் சொல்கிறது. ஐஎஸ்ஓ, வாங்கிய வெளிச்சத்தை எவ்வளவு பெருக்குவது என்பதைச் சொல்கிறது. பலர் முதலில் ஐஎஸ்ஓவைத் திருகுகிறார்கள். மேடைக்கு அந்த வரிசை சரிவராது. ஷட்டரை முதலில் முடிவுசெய்ய வேண்டும். காரணம் நம் மின்சாரத்தில் இருக்கிறது.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் ட்யூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. கேமரா சென்சாருக்குத் தெரியும், ஏனென்றால் அது படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. ஷட்டர் 1/125 அல்லது 1/250 என்று இருந்தால் சில வரிகள் விளக்கு பிரகாசமாக இருக்கும்போதும், சில வரிகள் மங்கும்போதும் பதிவாகின்றன. வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மெல்ல நகர்வது இதனால்தான். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒன்றோ இரண்டோ முழுத் துடிப்பு கிடைத்துவிடும்; பட்டை மறைந்துவிடும். சில போன்களில் இந்த எண்கள் இருக்காது. அப்போது 1/60ஐ விட 1/45 அல்லது 1/30 மேல், ஏனென்றால் நேரம் நீள நீளப் பட்டை மெலியும்.

வீடியோவுக்கு 1/50 நல்ல தொடக்கம். கை அசைவில் சிறு மங்கல் இருக்கும், அது கண்ணுக்கு இயல்பாகவே தெரியும். புகைப்படத்துக்கு 1/100. முத்திரை பிடித்து நிற்கும் கணங்களுக்கு அது போதும். மங்கவைக்கும் வசதியுள்ள சில மேடை எல்இடி விளக்குகள் மட்டும் வேறு வேகத்தில் துடிக்கும். 1/50 வைத்தும் பட்டை தெரிந்தால் ஷட்டரை ஒரு படி மேலோ கீழோ நகர்த்தி, பட்டை நிற்கும் இடத்தைத் தேட வேண்டும்.

ஷட்டர் நிலைத்தபின் ஐஎஸ்ஓ. திரை உயர்வதற்கு முன் விளக்குகளைச் சரிபார்ப்பார்கள், அல்லது முதல் உருப்படியாகப் புஷ்பாஞ்சலி இருக்கும். அளவெடுக்க அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 1/100ல், 400 ஐஎஸ்ஓவில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கி, கன்னத்தைப் பாருங்கள். நெற்றிச்சுட்டியின் கற்களில் ஓரிரு புள்ளி வெளுத்தால் பரவாயில்லை. கன்னமும் மூக்கும் தோலின் நிறம் இழந்து வெறும் வெள்ளையாகத் தெரிந்தால் 200க்கு இறக்குங்கள். சிறிய மண்டபத்தில் 800 வரைகூடப் போக வேண்டியிருக்கும். இந்தச் சமயத்தில் திரையில் EV என்ற இடத்தில் -1, -2 என்று காட்டும். பதற வேண்டாம். கறுப்புத் திரையையும் சேர்த்து அளந்து சொல்லும் எண் அது. முகம் சரியாக இருக்கும்போது அது குறைவாகத்தான் காட்டும்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் புள்ளிப்புள்ளியாக மண்வாரி விழும். ப்ரோ மோடில் இது கொஞ்சம் கூடுதலாகவே தெரியும், ஏனென்றால் ஆட்டோவில் போன் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துப் புள்ளிகளைக் குறைக்கிறது. ப்ரோ மோடில் பல போன்கள் ஒரே படத்தோடு நின்றுவிடுகின்றன. புள்ளிகளைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம். வெளுத்த முகத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. இரண்டில் ஒன்று என்றால் நான் புள்ளிகளையே ஏற்பேன்.

அடுத்தது ஃபோகஸ். MF என்ற குறியைத் தொட்டு, பட்டையை மெல்ல நகர்த்தினால், எது கூர்மையாக இருக்கிறதோ அதன் ஓரங்கள் பச்சையாகவோ சிவப்பாகவோ மின்னும். இதுதான் ஃபோகஸ் பீக்கிங். அது கூர்மையை நேரடியாக அளப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்களைத்தான் வண்ணமாக்குகிறது. அதனால் புடவையின் ஜரிகையும் சலங்கையும் ஃபோகஸ் கொஞ்சம் விலகியிருந்தாலும் மின்னும். மிருதுவான கன்னம் சரியான ஃபோகஸில்கூட மின்னாது. ஐஎஸ்ஓ 1600ஐத் தாண்டினால் இருட்டுத் திரையில் விழும் புள்ளிகளே பொய்யாக மின்னத் தொடங்கும். ஆகவே மையிட்ட கண்ணையும் புருவத்தையும் பாருங்கள். பட்டையை ஒரு பக்கமாக நகர்த்தி, மின்னல் தோன்றி, உச்சிக்குப் போய், அணையும் வரை கொண்டுபோய், மீண்டும் உச்சிக்குத் திரும்பி நிறுத்துங்கள்.

சாதாரண 1x லென்ஸில், ஏழெட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் இந்தப் பாடு அவ்வளவாகத் தேவைப்படாது. ஒருமுறை பூட்டினால் மேடை முழுவதும் கூர்மையாக இருக்கும். பீக்கிங் கைகொடுப்பது 3x லென்ஸில் முகத்தை நெருங்கும்போது. அவள் மேடையின் பின்பக்கத்திலிருந்து முன்விளிம்புக்கு வந்துவிட்டால் அங்கே ஃபோகஸை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

நிகழ்ச்சி நடுவே எதை மாற்றுவது? வர்ணம் முடிந்து பதத்துக்கு விளக்கை மங்கவைத்து நீலமாக்கினால் ஐஎஸ்ஓவை மட்டும் ஒரு மடங்கு ஏற்றுங்கள். ஷட்டரைத் தொட வேண்டாம். 1xலிருந்து 3xக்கு மாறினாலும் அதே வேலைதான், ஏனென்றால் அந்த லென்ஸின் துவாரம் பெரும்பாலும் சிறியது. முன்பு 400 என்றால் இப்போது 800 கேட்கும். தில்லானாவில் தாவும் கணத்தைப் புகைப்படமாக நிறுத்த வேண்டுமானால் மட்டும் 1/100ஐ விட்டு 1/400க்குப் போக வேண்டும். வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும் என்பதால் 400 ஐஎஸ்ஓ 1600 ஆகும். பட்டை விழும் அபாயமும் கூடவே வரும். அதனால் அடுத்தடுத்து நாலைந்து படம் எடுத்து, பட்டை முகத்தில் விழாததை வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ என்றால் எந்த மாற்றத்தையும் உருப்படிகளுக்கு இடையே, கைதட்டலின்போது செய்யுங்கள். வெள்ளைச் சமநிலையையும் ஒரே எண்ணில் பூட்டினால் புடவையின் நிறம் விளக்கோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்காது.

மங்களம் முடிந்து அரங்க விளக்குகள் எரிந்து, குருவும் குடும்பமும் மேடையேறும்போது ஆட்டோவுக்குத் திரும்பிவிடுங்கள். வெளிச்சம் சீராகப் பரவியிருக்கும், எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். பல படங்களைச் சேர்க்கும் ஆட்டோதான் அப்போது நன்றாக எடுக்கும்.