கறுப்புத் தட்டு தெரிவதில்லை

மறுசுழற்சி ஆலைகளில் பிளாஸ்டிக்கை வகை பிரிக்கும் இயந்திரத்துக்கு அடியில் ஓடும் கன்வேயர் பெல்ட் பெரும்பாலும் கறுப்பாகத்தான் இருக்கும். ரப்பரோடு கலந்த கார்பன் கருந்தூள் தரும் கறுப்பு அது. அதன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய எதுவும் திரும்பி வராது. அதனால் ஒளி திரும்பி வருகிற இடத்தில் ஏதோ ஒரு பொருள் கிடக்கிறது, வராத இடத்தில் வெறும் பெல்ட் என்று இயந்திரம் கணக்குப் பண்ணிக்கொள்கிறது. எளிய ஏற்பாடு, நன்றாகவே நடக்கிறது. ஆனால் அதே கருந்தூளைப் போட்டுச் செய்த சாப்பாட்டுத் தட்டு ஒன்று வந்தால், இயந்திரத்தைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே வரவில்லை.

பிரிட்டனில் இந்தத் தட்டுகளுக்குப் பஞ்சமில்லை. சூப்பர்மார்க்கெட்டில் வாங்கி, மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிடும் தயார் உணவு பல ஆண்டுகளாகக் கறுப்புத் தட்டில்தான் வந்தது. வீட்டார் அதைக் கழுவி மறுசுழற்சித் தொட்டியில் போட்டார்கள். ஆலைக்குப் போன தட்டு, யார் கண்ணிலும் படாமல் பெல்ட்டின் கடைசி வரை போய்க் கழிவோடு விழுந்து எரியுலைக்கோ நிலநிரப்புக்கோ போனது. பல தட்டுகள் ‘பெட்’ பிளாஸ்டிக்கில் செய்தவை. தண்ணீர் பாட்டிலும் அதே பெட்தான். பாட்டிலைச் சரியாகப் பிடிக்கிற இயந்திரம் தட்டை ஏன் விட்டுவிடுகிறது என்று புரிய, அது எதைப் பார்க்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பெல்ட்டுக்கு மேலே வரிசையாக ஹாலோஜன் விளக்குகள் எரிகின்றன. அவற்றின் ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி குறைவு. சிவப்புக்கு அப்பால் உள்ள, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் பகுதிதான் அதிகம். அதில் சிவப்பை அடுத்திருக்கும் துண்டு அண்மை அகச்சிவப்பு. இயந்திரம் பெரும்பாலும் பயன்படுத்துவது சுமார் 900 முதல் 1700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களை. சில இயந்திரங்கள் அதற்கு மேலும் போகும். விளக்கொளி பிளாஸ்டிக்கின் மேல் பட்டு, கொஞ்ச தூரம் உள்ளே போய்ச் சிதறி, மிச்சம் மேலே திரும்புகிறது. அந்த மிச்சத்தை உணரி வாங்கிக்கொண்டு, எந்த அலைநீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிறது.

குறைவதற்குக் காரணம் பிளாஸ்டிக்கின் மூலக்கூறில் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும் பிணைப்பு. அது வீணைத் தந்தி மாதிரி தனக்கென்று ஒரு வேகத்தில் அதிர்கிறது. அந்த அதிர்வுக்கு ஒத்த ஒளி 3400 நானோமீட்டர் பக்கம் இருக்கிறது, அதாவது நம் இயந்திரம் பார்க்கும் எல்லைக்கு வெளியே. ஆனால் தந்திக்கு மேல்சுரங்கள் இருப்பது போல இதற்கும் உண்டு. முதல் மேல்சுரம் 1700ஐ ஒட்டியும், இரண்டாவது 1200ஐ ஒட்டியும் வரும். அந்த இடங்களில் ஒளி உறிஞ்சப்பட்டு, நிறமாலையில் பள்ளங்கள் விழுகின்றன.

பள்ளம் சரியாக எங்கே விழும் என்பது அந்தப் பிணைப்பின் அக்கம்பக்கத்தைப் பொறுத்தது. பெட்டில் ஹைட்ரஜனின் ஒரு பகுதி பென்சீன் வளையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அதற்கு 1660 பக்கம் ஒரு தெளிவான பள்ளம் உண்டு. பால் கேன் செய்யும் பாலிஎத்திலீன் வளையமில்லாத நீண்ட சங்கிலி. அதன் பள்ளங்கள் 1215 அருகிலும் 1730 அருகிலும். பாலிப்ரோப்பிலீனில் அந்தச் சங்கிலியின் பக்கவாட்டில் கிளைகள் முளைத்திருப்பதால் முதல் பள்ளம் சற்றுத் தள்ளி, 1195 பக்கம் விழுகிறது. 20 நானோமீட்டர் வித்தியாசம்தான். அதனால் இயந்திரம் ஒரு புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. வளைவு முழுவதன் வடிவத்தையும், முன்பே கற்றுக்கொண்ட மாதிரிகளோடு ஒப்பிடுகிறது. பாட்டில் நீலமா பச்சையா, வெளிச்சம் கூடுதலா குறைவா என்பது பெரிதாகப் பாதிக்காதபடி கணக்கில் முன்பே சரிசெய்துவிடுவார்கள்.

இத்தனை பாடு எதற்கு, தண்ணீரில் போட்டு மிதப்பது, மூழ்குவது என்று பிரித்தால் போதாதா என்று கேட்கலாம். பாதி வேலைக்குப் போதும். பாலிஎத்திலீனும் பாலிப்ரோப்பிலீனும் இரண்டுமே மிதக்கும். பெட்டும் பிவிசியும் இரண்டுமே மூழ்கும். அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்று. பெட்டை உருக்குவது சுமார் 280 டிகிரியில். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். ஒரு டன் பெட்டில் நூறு கிராம் பிவிசி கலந்தாலே மொத்தச் சரக்கும் மஞ்சளடித்துத் தரம் இறங்கக்கூடும். ஒளியால் பிரிக்கும் இயந்திரம் ஆலைக்குள் இடம்பிடிக்க முக்கியக் காரணம் இந்த ஜோடிதான்.

இப்போது கறுப்புத் தட்டு. கார்பன் கருந்தூள் அண்மை அகச்சிவப்பு முழுவதையும் ஒரே சீராக விழுங்குகிறது. பிளாஸ்டிக்கின் பள்ளங்கள் தெரிய வேண்டுமானால் சுற்றிலும் வெளிச்சம் இருக்க வேண்டும். எல்லாமே இருட்டாக இருந்தால் பள்ளம் எங்கே தெரியும்? நிறத்துக்காகச் சேர்க்கும் சிறிதளவு தூளே இதற்குப் போதும். ஆனால் நம் கண்ணுக்குக் கறுப்பாக இருப்பதெல்லாம் இயந்திரத்துக்கும் கறுப்பு அல்ல. சிவப்பு, நீலம், மஞ்சள் நிறமிகளை அளவாகக் கலந்தாலும் பார்வைக்குக் கறுப்பு வரும். அந்தக் கலவை அகச்சிவப்பை விழுங்காது. யூனிலீவர் பிரிட்டனில் தன் ட்ரெஸெமே, லிங்க்ஸ் பாட்டில்களுக்கு இப்படிப்பட்ட கறுப்பை 2019 வாக்கில் கொண்டுவந்தது. வெயிட்ரோஸ் கடைகள் அந்தச் சிரமமே வேண்டாமென்று கறுப்புத் தட்டையே கைவிடப்போவதாக 2018இல் அறிவித்தன.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தட்டு ஏன் கறுப்பாக இருந்தது? சாப்பாடு அதில் எடுப்பாகத் தெரியும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பல நிறத்துப் பழைய பிளாஸ்டிக்கை ஒன்றாக உருக்கினால் அழுக்குச் சாம்பல் நிறம்தான் வரும். அதை மறைக்கக் கறுப்பைவிட மலிவான வழி கிடையாது. ஆக, அந்தத் தட்டுகளில் பல ஏற்கெனவே ஒருமுறை மறுசுழற்சியாகி வந்தவை. இரண்டாவது முறைக்கு அந்த நிறமே கதவை அடைத்துவிட்டது.

அந்தக் கதவைத் திறக்க வேறு உணரிகளும் இருக்கின்றன. மேல்சுரத்தை விட்டுவிட்டு 3400 பக்கமுள்ள மூல அதிர்வையே பார்க்கும் இயந்திரத்துக்குக் கறுப்புப் பிளாஸ்டிக்கும் பிடிபடும், ஏனென்றால் அங்கே பள்ளம் பல மடங்கு ஆழம். விலைதான் உதைக்கிறது. வருவது மலிவான தட்டு. அதற்காகத் தனியாக ஓர் இயந்திரம் வாங்க எல்லா ஆலைகளும் முன்வருவதில்லை.

கறுப்பு, இயந்திரத்தின் கண்ணைக் கட்டுகிறது. பாட்டிலை முழுக்க மூடும் ஷ்ரிங்க் உறை அதற்குப் பொய் சொல்கிறது. இயந்திரத்துக்குத் தெரிவது பொருளின் மேற்பரப்பும் அதற்குச் சற்றுக் கீழே உள்ளதும் மட்டுமே. பெட் பாட்டிலின் கழுத்து வரை வேறொரு பிளாஸ்டிக்கில் உறை போட்டிருந்தால், படமும் எழுத்தும் அச்சிடாத இடத்தில் ஒளி ஊடுருவி இரண்டின் நிறமாலையும் கலந்து வரும். வெள்ளை மையோ உலோக மையோ அடித்த இடத்தில் உறை மட்டுமே தெரியும். இயந்திரம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்து, எந்தப் பெயர் அதிகமோ அதையே பாட்டிலுக்குச் சூட்டுகிறது. சின்ன லேபிள் என்றால் பாட்டில் ஜெயித்துவிடும். முழு உறை என்றால் உறைதான் ஜெயிக்கும். நல்ல பெட் பாட்டில் வேறு கூட்டத்தில் போய் விழும். பிரிட்டனின் மறுசுழற்சிச் சங்கம் 2017இல் தங்களுக்குப் பெருந்தொல்லை தரும் பொதிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டபோது, பிரிங்கிள்ஸ் குழலோடு லூகோசேட் ஸ்போர்ட் பாட்டிலையும் சேர்த்தது. காரணம் அந்த முழு உறை. ஜப்பானில் உறையில் துளைக்கோடு போட்டுவைத்திருப்பார்கள். வீட்டிலேயே கிழித்தெடுத்துவிட்டுத்தான் பாட்டிலைப் போடுவது வழக்கம்.

பெட்டின் சொந்தக்காரன் மாதிரியே வரும் உறை இன்னும் மோசம். பெட்ஜி என்ற வகையின் நிறமாலை பெட்டை அப்படியே ஒத்திருப்பதால் இயந்திரம் மகிழ்ச்சியோடு உள்ளே விடும். பிறகு துருவலாக்கி உலர்த்தும்போதுதான் விஷயம் தெரியவரும். பெட் துருவலை 160 டிகிரிக்கும் மேலே உலர்த்துவார்கள். பெட்ஜியோ 80 டிகிரி பக்கமே இளகிப் பிசுபிசுத்து, துருவலைக் கட்டிகட்டியாக ஒட்டவைத்துவிடும்.

இயந்திரம் சரியாக அடையாளம் கண்டாலும் வேலை முடிவதில்லை. அடையாளம் ஓரிடத்தில், பிடிப்பது வேறோரிடத்தில். பெல்ட் முடியும் இடத்தில் நெருக்கமாகக் காற்றுக்குழாய் வாய்கள் இருக்கின்றன; வேண்டிய பொருள் வரும்போது அதற்கு நேரான வாய் திறந்து, அழுத்தக் காற்றைப் பீச்சி அதை எதிர்ப்புறம் தள்ளும். பெல்ட் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகவும், பார்க்கும் கோட்டுக்கும் காற்று வாய்க்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பார்த்த 0.2 வினாடி கழித்துக் காற்று அடிக்க வேண்டும். ஆனால் நசுங்காத உருண்டைப் பாட்டில் பெல்ட்டில் பின்னோக்கி உருண்டு, வினாடிக்கு 2 மீட்டர்தான் முன்னேறுகிறது என்றால், காற்று அடிக்கும் நேரத்தில் அது 40 சென்டிமீட்டரில்தான் இருக்கும். 20 சென்டிமீட்டர் பின்தங்கல். அரை லிட்டர் பாட்டிலின் நீளம் அவ்வளவே. வெற்றிடத்தில் காற்று வீணாக, பாட்டில் கழிவுக்குப் போகும். நசுங்கிய பாட்டில் உருளாது என்பது நல்ல செய்தி. அளவுக்கு மீறித் தட்டையாகிவிட்டால், முந்தைய கட்டத்திலேயே அதைக் காகிதத்தோடு சேர்த்துவிடும் வாய்ப்பும் உண்டு.

தவறு எங்கே நடக்கிறது என்பதைக் கழிவுப் பெல்ட்டைப் பார்த்தே அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். எந்த இடம் என்றில்லாமல் பெட் பாட்டில்கள் பரவலாகத் தப்பியிருந்தால் பொருட்கள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும்படி அதிகமாகக் கொட்டுகிறார்கள், அல்லது கண்ணாடியில் தூசு படிந்திருக்கிறது. பெல்ட்டின் ஒரே ஒரு பட்டையில் மட்டும் தொடர்ந்து தப்பிவந்தால் அந்தப் பட்டைக்கு நேரான காற்று வாய் அடைத்திருக்கிறது. ஒரு பக்கம் முழுவதும் தப்பினால் அந்தப் பக்கத்து விளக்கு மங்கியிருக்கிறது.

இத்தனையும் சரியாக நடந்தாலும் ஒரு கேள்விக்கு இந்த இயந்திரத்திடம் பதில் கிடையாது. தண்ணீர் பாட்டிலும் பெட், தரை துடைக்கும் திரவ பாட்டிலும் பெட். இரண்டின் பள்ளங்களும் ஒன்றே. ஆனால் புதிதாக உணவுப் பாத்திரம் செய்யப் பயன்படும் பழைய பெட்டில் உணவல்லாத பொருள் இருந்த பாட்டில்கள் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் அளவுகோல். எதை அடைத்து விற்றார்கள் என்பது பிளாஸ்டிக்கின் வேதியியலில் பதிவாவதில்லை. அதனால்தான் ‘ஹோலிகிரெயில்’ என்ற ஐரோப்பிய முயற்சியில், லேபிளின் வடிவமைப்புக்குள்ளேயே, அல்லது பாட்டிலின் மேற்பரப்பிலேயே, கண்ணுக்குத் தெரியாத குறியீட்டைப் பதித்து, அதைச் சாதாரணக் கேமராவால் படித்துப் பார்க்கிறார்கள். குறியீடு பதிக்காத பாட்டில்களைப் பிரிக்க, அந்தக் கேமராவுக்குப் பக்கத்தில் பழைய அகச்சிவப்பு உணரியும் இருந்தாக வேண்டும்.